தன் நிரலைத் தானே சோதிக்கலாமா?

கேள்வி: மதுரை அண்ணா நகரில் ஜவுளிக் கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் செய்து தரும் சிறிய நிறுவனம் எங்களுடையது. டெவலப்பர்கள் 7 பேர், டெஸ்டர் ஒரே ஒருவர். விளக்குத்தூண் பக்கம் ஒரு கடையில், திரும்பி வந்த ரவிக்கைத் துணிக்குத் தப்பான தொகை காட்டிவிட்டது. பில் முழுவதற்கும் கொடுத்த தள்ளுபடியைப் பொருள்வாரியாகப் பிரிக்கும் இடத்தில் பிழை. எழுதியவர் யூனிட் டெஸ்டும் எழுதியிருந்தார், எல்லாம் பச்சையாகத்தான் ஓடியது. அன்றிலிருந்து "எழுதினவன் தன் வேலையை டெஸ்ட் பண்ணக் கூடாது, எல்லாம் டெஸ்டர் வழியாத்தான் போகணும்" என்று முதலாளி சொல்லிவிட்டார். இப்போது தினமும் பத்துப் பதினைந்து வேலை டெஸ்டர் மேசையில் குவிகிறது. அந்தப் பெண் ராத்திரி எட்டு மணிக்குத்தான் கிளம்புகிறார். பிழையும் குறைந்தபாடில்லை. டெவலப்பர் டெஸ்ட் செய்வது சரியா, தப்பா? தனி டீம் வைக்கலாமா, வெளியே கொடுக்கலாமா?
— டீம் லீடர், மதுரை

பதில்: உங்கள் முதலாளி சொன்னது பழைய விதிதான். மென்பொருள் சோதனை பற்றி நூல் எழுதிய கிளென்ஃபோர்ட் மையர்ஸ் 1979-லேயே, நிரலை எழுதியவர் அதைத் தானே சோதிப்பதைத் தவிர்க்க வேண்டும் என்று எழுதினார். ஆனால் அதோடு அவர் சொன்ன இன்னொன்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும். எழுதியவரால் சோதிக்கவே முடியாது என்று அவர் சொல்லவில்லை. வேறு ஒருவர் சோதித்தால் பலன் கூடும் என்றுதான் சொன்னார். பிழை எங்கே என்று தேடித் திருத்துவதில் எழுதியவர் கைதான் வேகம் என்றும் ஒப்புக்கொண்டார். இந்தப் பாதி பல அலுவலகங்களில் காணாமல் போய்விடுகிறது. விதி மட்டும் மிஞ்சுகிறது, அதன் பாரம் ஒரு டெஸ்டர் தலையில் விழுகிறது.

என்னைக் கேட்டால், "யார் டெஸ்ட் செய்தார்?" என்பது இரண்டாவது கேள்வி. முதலில் கேட்க வேண்டியது, "இந்த டெஸ்டில் இதுதான் சரியான விடை என்று எழுதியிருக்கிறதே, அதை யார் சொன்னார்?" என்பதுதான். உங்கள் தள்ளுபடிப் பிழையையே எடுத்துக்கொண்டு பார்க்கலாம். இந்த வகைப் பிழை பெரும்பாலும் இப்படித்தான் உருவாகும் (தொகையெல்லாம் பைசாவில்):

```python
def split_discount(paise, n):
    return [paise // n] * n

def test_split_discount():
    assert split_discount(20000, 2) == [10000, 10000]
```

ஆயிரம் ரூபாய்ப் புடவை இரண்டு, பில்லில் 200 ரூபாய் தள்ளுபடி. ஆளுக்குப் பாதியாக 100, 100. டெஸ்ட் பச்சை. ஆனால் இந்த நான்கு வரிக்குள் இரண்டு பிழைகள் இருக்கின்றன. இரண்டும் ஒரே மாதிரிப் பிழை அல்ல என்பதுதான் நீங்கள் கவனிக்க வேண்டியது.

முதல் பிழை, வகுத்து மிஞ்சுவது தொலைந்துபோவது. 100 ரூபாய்த் தள்ளுபடியை மூன்று பொருளுக்குப் பிரித்தால் 3,333 பைசா மூன்று முறை வரும். கூட்டினால் 9,999. ஒரு பைசா எங்கேயும் இல்லை. நாள் முழுக்க ஓடும் கடையில் இது கூடிக்கொண்டே போய், இரவில் கணக்கு முடிக்கும்போது தேறாத வித்தியாசமாக நிற்கும். இதை எழுதியவரே பிடிக்கலாம், பிடித்திருக்க வேண்டும். அதற்கு யாருடைய விளக்கமும் தேவையில்லை. பிரித்ததைக் கூட்டினால் பழைய தொகை வர வேண்டும் என்பது எந்தக் கடைக்கும் பொருந்தும் உண்மை:

```python
for n in range(1, 51):
    assert sum(split_discount(10000, n)) == 10000
```

இது மூன்றாவது சுற்றிலேயே விழும். எழுதி முடித்த பத்து நிமிடத்தில், அந்த நிரல் மனதில் சூடாக இருக்கும்போதே சரிசெய்துவிடலாம். இதே பிழை டெஸ்டர் வழியாகப் போனால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். வரிசையில் காத்திருக்க வேண்டும், அவர் ஓட்டிப் பார்க்க வேண்டும், பிழைப் பதிவு எழுத வேண்டும். டெவலப்பர் அதற்குள் வேறு வேலைக்குப் போயிருப்பார். திரும்பி வந்து படித்துத் திருத்தி மறுபடி அனுப்ப வேண்டும். பத்து நிமிட வேலை இரண்டு நாளாகும்.

இரண்டாவது பிழை வேறு மாதிரி. தள்ளுபடியைத் தலைக்குச் சமமாகப் பிரித்ததே தவறு. 4,000 ரூபாய்ப் புடவையும் 200 ரூபாய் ரவிக்கைத் துணியும் ஒரே பில்லில், மொத்தம் 4,200. தள்ளுபடி 420. சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 210. ரவிக்கைத் துணியின் விலை மைனஸ் 10 ரூபாய். அதைத் திருப்பிக் கொடுக்க வந்த வாடிக்கையாளர் கடைக்குப் பத்து ரூபாய் தர வேண்டும் என்று திரை சொல்லும். விலை விகிதத்தில் பிரித்தால் புடவைக்கு 400, துணிக்கு 20. திரும்பத் தர வேண்டியது, வரி தனி, 180 ரூபாய். பில்லிலேயே காட்டிய தள்ளுபடி ஜிஎஸ்டிக்கான மதிப்பிலிருந்து கழிக்கப்படும் என்பதால், வெவ்வேறு வரி விகிதம் உள்ள பொருட்கள் ஒரே பில்லில் இருந்தால் இந்தப் பிரிப்பு வரித் தொகையையும் தப்பாக்கும்.

இந்தப் பிழையை எழுதியவர் ஏன் பார்க்கவில்லை? அவர் கவனக்குறைவானவர் என்பதால் அல்ல. "தள்ளுபடியைப் பொருட்களுக்குப் பிரிக்க வேண்டும்" என்ற குறிப்பைப் படித்ததும் சமமாக என்று அவர் மனதில் பதிந்துவிட்டது. அந்தப் பதிவிலிருந்துதான் நிரலும் வந்தது, டெஸ்டும் வந்தது. ஒரே விலையில் இரண்டு புடவை என்று அவர் எடுத்த உதாரணத்தில் சமப் பிரிப்பும் விகிதப் பிரிப்பும் ஒரே விடை தரும். அவர் இன்னும் ஐம்பது டெஸ்ட் எழுதியிருந்தாலும், எதிர்பார்க்கும் விடையை அவரே எழுதும்வரை எல்லாம் பச்சையாகவே இருந்திருக்கும். மேலே சொன்ன கூட்டல் சோதனையும், மிச்சத்தைச் சரிசெய்த பிறகு, இந்தப் பிழையை விட்டுவிடும். எழுதியவர் செய்யும் சோதனையின் எல்லை இதுதான். நினைத்ததை நிரல் செய்கிறதா என்று அவரால் மிக நன்றாகச் சொல்ல முடியும். நினைத்ததே சரியா என்று அவரால் சொல்ல முடியாது.

மூன்றாவதாக ஒன்றும் சொல்ல வேண்டும். இது உங்கள் கடிதத்தில் இல்லாவிட்டாலும் பில்லிங் மென்பொருளில் அடிக்கடி வருவது. புது பில் எண்ணை இப்படி எடுத்தால்:

```sql
SELECT MAX(bill_no) + 1 FROM bills;
```

இரண்டு கவுன்டர்கள் ஒரே நொடியில் கேட்டால் இரண்டுக்கும் 1042 கிடைக்கும். டெஸ்டர் ஒரு கணினியில் உட்கார்ந்து எத்தனை பில் போட்டாலும் இது வராது. தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, நான்கு கவுன்டரும் நிற்காமல் ஓடும்போதுதான் வரும். ஜிஎஸ்டி விதி 46 பில் எண் நிதியாண்டுக்குள் திரும்ப வரக் கூடாது என்கிறது. எனவே இது கணக்காளருக்கும் தலைவலி. இதைப் பிடிப்பவர் நிரலைத் திறந்து படிக்கும் இன்னொரு டெவலப்பர்தான். (திருத்தம் வேண்டுமென்றால்: எண்ணுக்கு `UNIQUE` தடை போடுங்கள், கவுன்டருக்கு ஒரு தனி வரிசை கொடுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட வரிசைகளை அந்த விதியே அனுமதிக்கிறது. முழு எண்ணும் 16 எழுத்துக்குள் இருந்தால் போதும்.)

ஆக ஒரே மென்பொருளில் மூன்று பிழை, மூன்றையும் பிடிக்க மூன்று பேர். இந்த இடத்தில் நிலைகளைப் பற்றிப் பேசினால் புரியும். டெஸ்டர்களுக்குச் சான்றிதழ் தரும் ஐஎஸ்டிக்யூபி அமைப்பின் அடிப்படைப் பாடத்திட்டம் சோதனையின் சார்பின்மையை நான்கு படிகளாகச் சொல்கிறது. எழுதியவரே சோதிப்பது சார்பின்மை இல்லாத நிலை. அதே டீமில் உள்ள சக ஊழியர் சோதித்தால் கொஞ்சம் உண்டு. டீமுக்கு வெளியே, ஆனால் நிறுவனத்துக்குள் இருக்கும் டெஸ்டர் என்றால் அதிகம். நிறுவனத்துக்கே வெளியிலிருந்து வருபவர் என்றால் மிக அதிகம். பலரும் இதை ஏணி என்று நினைத்து, மேலே போகப் போக நல்லது என்று எடுத்துக்கொள்கிறார்கள். அந்தப் பாடத்திட்டமே அப்படிச் சொல்லவில்லை. பெரும்பாலான வேலைகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட நிலைகளைச் சேர்த்துப் பயன்படுத்துவதுதான் நல்லது என்கிறது. மேலே போகப் போக, எழுதியவரின் முன்முடிவிலிருந்து விலகி நிற்கும் பார்வை கிடைக்கும். கூடவே நிரலைப் பற்றிய அறிவு குறையும், பிழை திரும்பி வரும் நேரம் நீளும், "டெஸ்டர் பார்த்துக்குவாங்க" என்று எழுதியவர் பொறுப்பை இறக்கி வைப்பதும் கூடும்.

உங்கள் அலுவலகத்தில் இப்போது நடப்பது இந்தக் கடைசி மூன்றும்தான். ஒரு நாளைக்கு 12 வேலை, ஒன்றுக்கு 40 நிமிடம் என்று வைத்தாலே 480 நிமிடம். பாதி ஒரு முறை திரும்பி வருகிறது, மறுசோதனைக்கு 20 நிமிடம் என்றால் இன்னும் 120. மொத்தம் பத்து மணி நேரம். காலை பத்து மணிக்கு வந்தவர் சாப்பிடக்கூட எழுந்திருக்காமல் செய்தால்தான் எட்டுக்குக் கிளம்பலாம். இவ்வளவு அவசரத்தில் யாரும் "சமமாகவா, விகிதமாகவா?" என்று யோசிக்க மாட்டார்கள். திரை திறக்கிறதா, சேமித்தால் விழுகிறதா என்றுதான் பார்ப்பார்கள். டெவலப்பர் பத்து நிமிடத்தில் பார்க்க வேண்டியதை அவர் நாள் முழுக்கப் பார்க்கிறார். அவர் மட்டுமே பார்க்கக்கூடியதைப் பார்க்க அவருக்கு நேரமில்லை. பிழை குறையாததற்குக் காரணம் அதுதான். அவரிடம் குறை காணாதீர்கள்.

இதை முதலாளிக்குக் காட்ட ஒரு வழி இருக்கிறது. பிழைப் பதிவேட்டில் கடைசி 50 பிழைகளை எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, இதை முதலில் யார் பிடித்திருக்க முடியும் என்று எழுதுங்கள்: எழுதியவரே பத்து நிமிடத்தில், நிரலைப் படித்த சக டெவலப்பர், கடைக்காரர் கண்ணால் யோசித்த டெஸ்டர், அல்லது கடையில் ஓடினால் மட்டுமே. நீங்கள் தனியாக எழுதாமல் டெஸ்டரோடு சேர்ந்து எழுதுங்கள். முதல் குவியல் பெரிதாக இருந்தால் தனி டீம் வைத்தாலும், வெளியே கொடுத்தாலும் காசுதான் போகும். மூன்றாவது குவியல் பெரிதாக இருந்து, டெஸ்டருக்கு நேரமும் இருந்தது என்றால்தான் இன்னொரு டெஸ்டரைப் பற்றிப் பேச வேண்டும்.

இனி உங்கள் அளவுக்கு ஏற்ற ஏற்பாட்டைச் சொல்கிறேன்.

வேலையைத் தொடங்கும் முன், நிரல் ஒரு வரிகூட எழுதுவதற்கு முன், டெஸ்டர் ஐந்தாறு மாதிரி பில்களைக் கையால் கணக்குப் போட்டு எழுதட்டும். முக்கால் மணி நேரம் போதும். பணம் சம்பந்தப்பட்ட வேலைக்கு இது கட்டாயம், ஒரு திரையின் நிறத்தை மாற்றுவதற்குத் தேவையில்லை. மாதிரிகள் வேண்டுமென்றே ஏறுமாறாக இருக்க வேண்டும்: விலை வித்தியாசம் பெரிதாக உள்ள இரண்டு பொருள், மூன்றால் வகுபடாத தள்ளுபடி, ஒரு பொருளை மட்டும் திருப்பித் தருவது, எல்லாவற்றையும் திருப்பித் தருவது. கணக்கை உங்கள் டெவலப்பரிடம் கேட்டுச் சரிபார்க்கக் கூடாது. கடையில் பில் போடுபவரிடமோ, அவர்கள் கணக்காளரிடமோ கேட்க வேண்டும். அந்தத் தாள் டெவலப்பர் கைக்குப் போகிறது. அவர் அதை அப்படியே யூனிட் டெஸ்டாக எழுதுகிறார். இப்போது டெஸ்டை எழுதுவதும் ஓட்டுவதும் எழுதியவர்தான், ஆனால் விடை அவருடையது அல்ல. சார்பின்மையின் பெரும்பகுதி உங்களுக்கு இங்கேயே, மிகக் குறைந்த செலவில் கிடைத்துவிடும்.

அந்தக் கணக்காளரிடம் கேட்கச் சொல்லி நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. ஆள் வேறு என்பதாலேயே தவறும் வேறாக இருக்கும் என்று நம்பக் கூடாது. நைட், லெவ்சன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1986-ல் வெளியிட்ட சோதனையில் ஒரே தேவைக் குறிப்பை வைத்து 27 பேர் தனித்தனியாக நிரல் எழுதினார்கள். அவற்றைப் பத்து லட்சம் முறை ஓட்டிப் பார்த்தபோது, தற்செயல் என்று சொல்ல முடியாத அளவுக்குப் பல நிரல்கள் ஒரே இடங்களில் சேர்ந்து தவறின. உங்கள் டெஸ்டரும் அதே ஒற்றை வரிக் குறிப்பை மட்டும் படித்தால், அதே குழியில் விழ வாய்ப்பு நிறைய. அதைவிட மோசம், "இது எப்படி வேலை செய்யணும்?" என்று எழுதியவரிடமே போய்க் கேட்பது. டெவலப்பர் தயாரித்துத் தரும் டெஸ்ட் பட்டியலை டிக் அடிப்பதும் அப்படித்தான். ஆள் வேறு, பார்வை அதே.

அடுத்து, எழுதியவர் கையை விட்டுப் போகும் முன் அவர் பொறுப்பு என்ன என்பதைத் தெளிவாக வரையறுத்துவிடுங்கள். டெஸ்டர் தந்த மாதிரிகள் பச்சையாக வேண்டும். பூஜ்யம், ஒன்று, பல என்ற மூன்று அளவிலும் ஓட்டியிருக்க வேண்டும். கூட்டல் சோதனை மாதிரி எப்போதும் பொருந்தும் உண்மை இருந்தால் அதையும் எழுதியிருக்க வேண்டும். தன் கணினியில் இல்லாமல் டெஸ்ட் சர்வரில் ஒரு முறை திறந்து பார்த்திருக்க வேண்டும். இவை இல்லாமல் வந்தால் டெஸ்டர் பார்க்காமலே திருப்பி அனுப்பலாம். அந்த உரிமையை நீங்கள் எழுத்தில் கொடுங்கள். வாயால் கொடுத்தால் அவசர நாளில் காற்றோடு போகும்.

பிறகு ஒரு சக டெவலப்பர் நிரலைப் படிக்க வேண்டும். அவர் முதலில் டெஸ்டைப் படிக்கட்டும், அப்புறம் நிரலை. நிரலை முதலில் படித்தால் எழுதியவரின் எண்ண ஓட்டத்திலேயே இவரும் போய்விடுவார். திரையில் தெரியாததைத்தான் இவர் தேட வேண்டும்: இரண்டு பேர் ஒரே நேரத்தில் செய்தால் என்ன ஆகும், பாதியில் மின்சாரம் போனால் பில் எந்த நிலையில் நிற்கும், பழைய பில்களின் தரவு இந்த மாற்றத்தில் என்ன ஆகும். ஒரே ஜோடி எப்போதும் ஒருவருக்கொருவர் பார்த்துக்கொண்டால் சில மாதத்தில் அது வெறும் கையெழுத்தாகிவிடும். கருத்தே இல்லாமல் ஒப்புதல் மட்டும் தொடர்ந்து வந்தால் ஜோடியை மாற்றுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகு டெஸ்டர் மேசைக்கு வரும் வேலை குறையும். வருவதும் தரமாக வரும். அவர் டெவலப்பர் ஓட்டியதையே மறுபடி ஓட்ட வேண்டாம். கவுன்டரில் நிற்பவர் செய்யும் தாறுமாறான வேலைகளைச் செய்து பார்க்கட்டும்: பில் போட்டுப் பாதியில் ஒரு பொருளை நீக்குவது, தள்ளுபடி கொடுத்த பிறகு எண்ணிக்கையை மாற்றுவது, நேற்றைய பில்லை இன்று திருப்புவது, பார்கோடை இரண்டு முறை காட்டுவது.

தனி டெஸ்ட் டீம் இப்போதைக்கு உங்களுக்கு வேண்டாம் என்பேன். எட்டுப் பேர் உள்ள அலுவலகத்தில் சுவர் எழுப்பினால் பேச்சு நின்று பதிவேடு மட்டும்தான் நடக்கும். ஆனால் ஒரு விஷயத்தில் டெஸ்டர் தனித்து நிற்க வேண்டும். சரிபார்ப்புக்கான ஐஇஇஇ 1012 தரநிலை சார்பின்மையைத் தொழில்நுட்பம், நிர்வாகம், பணம் என்று மூன்றாகப் பார்க்கிறது. சிறிய இடங்களில் முதலில் உடைவது நிர்வாகம்தான். ரிலீஸ் தேதிக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். டெஸ்டருக்கு லீவு தருவதும் சம்பள உயர்வுக்குப் பரிந்துரைப்பதும் நீங்களே என்றால், வெள்ளிக்கிழமை மாலை அவர் எப்படி "வேண்டாம்" என்று சொல்வார்? நிலவர அறிக்கை உங்களைத் தாண்டி நேராக முதலாளிக்குப் போகட்டும். என்ன பார்த்தோம், என்ன பார்க்கவில்லை, தெரிந்தே விடும் பிழை எது என்று பத்து வரி. வெளியிடுவதா என்று முடிவு செய்பவர் முதலாளி. அதன் பொறுப்பும் அவருடையது. இப்படி வைத்தால் "டெஸ்டர் விட்டுட்டாங்க" என்ற பேச்சுக்கும் இடமில்லை.

வெளி ஆள் இரண்டு இடத்தில் மட்டும் வேண்டும். ஒன்று பாதுகாப்புச் சோதனை. உங்கள் மென்பொருள் இணையத்தில் திறந்திருந்தால், அல்லது பெரிய வாடிக்கையாளர் சான்று கேட்டால், மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் பட்டியலில் உள்ள தணிக்கை நிறுவனம் ஒன்றிடம் கொடுங்கள். ஊடுருவல் சோதனை தனித் திறமை, உள்ளே ஒருவரைப் பகுதி நேரமாகப் பழக்கிச் சமாளிக்க முடியாது. அதே சமயம் அவர்கள் தள்ளுபடிக் கணக்கைப் பார்க்க மாட்டார்கள். ஒப்பந்தத்தில் எதுவரை என்று எழுதியிருக்கிறதோ அதுவரைதான். செயல்பாட்டுச் சோதனையையும் வெளியே கொடுத்தால், உங்கள் தொழில் விவரத்தை ஒவ்வொரு முறையும் தாளில் விளக்கி எழுத வேண்டியிருக்கும். அப்படி எழுதும் ஆள் உங்களிடம் இருந்தால் பாதி வேலை இங்கேயே முடிந்துவிடும்.

விமானத்தில் ஓடும் மென்பொருளுக்கான டிஓ-178சி போன்ற தரநிலைகளில், உயிர் போகக்கூடிய நிலையில் சில சரிபார்ப்புகளை எழுதியவர் அல்லாத வேறொருவரே செய்ய வேண்டும் என்பது கட்டாயம். அங்கே தாமதமும் செலவும் விலையாகக் கொடுக்கப்படுகின்றன. பில்லிங்கில் அப்படியொரு கட்டாயம் இல்லாததால், எங்கே எவ்வளவு என்று நீங்களே தேர்ந்தெடுக்கலாம்.

இரண்டாவது வெளி ஆள், கடைக்காரர். உங்களிடம் நல்ல உறவு உள்ள ஒரு கடையில் ஒரே ஒரு கவுன்டரில் புதுப் பதிப்பை வையுங்கள். கூட்டமில்லாத வார நாள், ஆடித் தள்ளுபடியோ தீபாவளியோ நெருங்காத காலம். பழைய பதிப்புக்கு ஐந்து நிமிடத்தில் திரும்பும் வழி அங்கேயே தயாராக இருக்க வேண்டும். முதல் நாள் டெஸ்டர் அந்தக் கவுன்டர் பக்கத்தில் உட்காரட்டும், தள்ளுபடியை எழுதிய டெவலப்பரையும் கூட அனுப்புங்கள். சாயங்காலம் அன்றைய திருப்பிய பொருட்களின் பில்களை எடுத்து, கடைக் கணக்காளரோடு கால்குலேட்டரில் ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். வித்தியாசம் வந்த பில்லை அப்படியே மாதிரித் தாளில் சேர்த்துவிட்டு, அதற்கான யூனிட் டெஸ்டை எழுதும் வேலையை மறுநாள் காலை அந்த டெவலப்பருக்கே கொடுங்கள்.